கார்டு பணம் பேங்கில் குறைந்து வந்தால்: வித்தியாசத்தைத் தேடும் வழி

சனிக்கிழமை ராத்திரி கார்டு மெஷின் அடித்துக் கொடுத்த மொத்தம் 48,350.00. ஸ்லிப் 14. திங்கள்கிழமை பேங்கில் வந்து விழுந்தது 43,132.86. நடுவில் 5,217.14 எங்கே போனது?

இந்தக் கேள்வியோடு வருபவர்கள் பெரும்பாலும் ஒரு பதிலைத் தயாராகவே வைத்திருப்பார்கள்: "கமிஷன் அதிகமாகப் பிடித்துவிட்டார்கள்." சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் மேலே சொன்ன கணக்கில் கமிஷனும் அதன் மேல் வரியும் சேர்ந்தே 800-ஐத் தாண்டவில்லை. மிச்சம் 4,400 சொச்சத்துக்கு வேறு மூன்று காரணங்கள் இருந்தன. மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்தெடுத்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் கணக்கில் எந்த அறிகுறி தெரிகிறதோ, அந்த இடத்தில் நின்று படித்தால் போதும்.

தொடங்கும் முன் ஒன்று. ஸ்லிப் கட்டை நேரடியாக பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிடாதீர்கள். பேங்கில் விழுவது ஒரு பேட்ச் முழுவதற்குமான, அதாவது மெஷினில் ஒன்றாகச் சேர்த்து மூடிய பரிவர்த்தனைகள் எல்லாவற்றுக்குமான நிகரத் தொகை. அதில் எந்த வாடிக்கையாளரின் பணமும் தனியாகத் தெரியாது. இரண்டு தாளுக்கும் நடுவே, பணம் தரும் நிறுவனம் கொடுக்கும் செட்டில்மென்ட் ரிப்போர்ட் என்று மூன்றாவது தாள் ஒன்று இருக்கிறது. முதலில் ஸ்லிப்பை ரிப்போர்ட்டோடு ஒப்பிட வேண்டும், வரிக்கு வரி. அப்புறம் ரிப்போர்ட்டின் நிகர மொத்தத்தை பேங்க் வரவோடு ஒப்பிட வேண்டும், பேட்ச்சுக்குப் பேட்ச். பிசகு இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

## அறிகுறி: தினமும் குறைகிறது, விற்பனை ஏறினால் குறைவதும் ஏறுகிறது

இது கமிஷன். கோளாறு இல்லை. ஆனால் சரியான கமிஷன்தானா என்று பார்க்க வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் ஒப்பந்தப்படி டெபிட் கார்டுக்கு 0.9%, கிரெடிட் கார்டுக்கு 1.8%. கமிஷனின் மேல் வரி 18% என்று வைத்துக்கொள்வோம். உங்கள் விகிதங்கள் வேறாக இருக்கும், ஒப்பந்தத்தில் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியது வரி எதன் மேல் என்பதைத்தான். விற்பனையின் மேல் இல்லை, கமிஷனின் மேல். அதனால் கிரெடிட் கார்டில் மொத்தப் பிடிப்பு 1.8 × 1.18 = 2.124%. டெபிட்டில் 1.062%. இந்த இரண்டு எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேஜையில் ஒட்டிவைத்தால், ரிப்போர்ட்டில் எந்தப் பரிவர்த்தனையையும் பார்த்த மாத்திரத்தில் சரி பார்க்கலாம்.

சனிக்கிழமை டெபிட் 21,400, கிரெடிட் 26,950. கமிஷன் 192.60-ம் 485.10-ம் சேர்ந்து 677.70. வரி 121.99. ஆகவே வந்திருக்க வேண்டியது 47,550.31. வந்ததோ 43,132.86. இன்னும் 4,417.45 குறைகிறது. இனி தேட வேண்டியது இந்த 4,417.45-ஐத்தான். ஆரம்பத்தில் பார்த்த 5,217-ஐ மறந்துவிடுங்கள்.

கழித்துப் பார்க்கும்போது தினசரி வரவு விற்பனைத் தொகைக்கே சமமாக இருந்தால், "ஆஹா, கமிஷனே இல்லை" என்று இருந்துவிட வேண்டாம். சில இடங்களில் தினமும் முழுத்தொகையைப் போட்டுவிட்டு, மாத முடிவில் கமிஷனை மொத்தமாக ஒரே பற்றாக எடுப்பார்கள். முறை மாறும் மாதத்தில்தான் வம்பு. தினசரியும் பிடித்து, மாதக் கடைசியிலும் பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு மாதம் மட்டும் இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

## அறிகுறி: ஒரு ஸ்லிப் கையில் இருக்கிறது, ரிப்போர்ட்டில் இல்லை

14 ஸ்லிப்பையும் ரிப்போர்ட்டோடு ஒவ்வொன்றாக டிக் செய்தபோது 13 தான் கிடைத்தன. 3,200-க்கான கிரெடிட் கார்டு ஸ்லிப் ஒன்று இல்லை.

டிக் செய்வதற்குத் தொகையை வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே நாளில் ஒரே தொகைக்கு இரண்டு பேர் வாங்கியிருப்பார்கள், கணக்கு தப்பிவிடும். ஸ்லிப்பில் RRN என்று 12 இலக்க எண் அச்சாகியிருக்கும். ரிப்போர்ட்டிலும் அதே எண் இருக்கும். அதுதான் அந்தப் பரிவர்த்தனையின் பெயர். பல இடங்களில் இதன் முதல் நான்கு இலக்கங்களே தேதியைச் சொல்லிவிடும்: ஆண்டின் கடைசி இலக்கம், அப்புறம் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 5060 என்று தொடங்கினால் 2025-ன் 60-வது நாள், அதாவது மார்ச் 1. மங்கிப்போன ஸ்லிப்பில் தேதி அழிந்திருந்தாலும் இது கைகொடுக்கும்.

காணாமல் போன 3,200 ஸ்லிப்பில் நேரத்தைப் பார்த்தோம். கடைசி ஸ்லிப் அதுதான், கடை சாத்தும் நேரத்தில் போட்டது. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு வெட்டுநேரம் உண்டு. அதற்குப் பிறகு போட்டது அடுத்த பேட்ச்சுக்குப் போய்விடும். உங்கள் ஸ்லிப் கட்டுக்கு அது சனிக்கிழமை வியாபாரம். பணம் தரும் நிறுவனத்துக்கு அது ஞாயிற்றுக்கிழமை பேட்ச். அடுத்த ரிப்போர்ட்டைத் திறந்தோம், முதல் வரியிலேயே அது நின்றது. 3,200-இல் கமிஷன் 57.60-ம் வரி 10.37-ம் போக 3,132.03.

4,417.45 − 3,132.03 = 1,285.42 பாக்கி.

எல்லா நேரமும் இவ்வளவு சுலபமாக முடியாது. அடுத்த ரிப்போர்ட்டிலும் இல்லை என்றால் மூன்று சாத்தியங்கள் இருக்கின்றன.

மெஷினில் பேட்ச்சை மூடவே இல்லை என்பது ஒன்று. சில மெஷின்கள் தானாக மூடிக்கொள்ளும், சிலவற்றில் நீங்கள்தான் மெனுவில் போய் செட்டில்மென்ட் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் எல்லாப் பரிவர்த்தனையும் மெஷினிலேயே உட்கார்ந்திருக்கும். ஒரு ஸ்லிப் இல்லாமல் ஒரு நாள் முழுவதுமே காணோம் என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. கார்டு வழங்கிய பேங்க் கொடுத்த அனுமதி சில நாட்களில் காலாவதியாகும், அப்புறம் போனால் பணம் வருவது நிச்சயமில்லை.

வாய்டு செய்தது இரண்டாவது. அதே நாளில், பேட்ச் மூடுவதற்குள் ரத்து செய்தால் அது ரிப்போர்ட்டுக்கே வராது, வரவும் இல்லை, பற்றும் இல்லை. ஆனால் பழைய ஸ்லிப்பைக் கிழித்துப் போடாமல் கட்டில் வைத்திருப்பார்கள். கட்டில் வாய்டு ஸ்லிப் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது கொஞ்சம் சங்கடமானது. அனுமதி வந்த பிறகு, பதில் மெஷினுக்குச் சரியாகப் போய்ச் சேராமல் லைன் அறுந்திருக்கும். மெஷின் தானாகவே பரிவர்த்தனையைத் திருப்பிவிடும். வாடிக்கையாளரின் போனில் பணம் எடுத்ததாகச் செய்தி வந்திருக்கும், அவர் அதைக் காட்டிவிட்டுப் பொருளோடு போயிருப்பார். இதில் உங்கள் கையில் ஸ்லிப்பே இருக்காது, அல்லது தோல்வி ஸ்லிப் இருக்கும். வாடிக்கையாளரின் செய்தியை ரசீதாக ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

## அறிகுறி: ரிப்போர்ட்டில் கழித்தல் குறியோடு ஒரு வரி

பாக்கி இருந்த 1,285.42-இல் 1,250.00 உருண்டையாக வெளியே தெரிகிறது பாருங்கள். உருண்டைத் தொகை கமிஷனாக இருப்பது அபூர்வம். அது யாரோ கொடுத்த விலை, அல்லது திருப்பிக் கொடுத்த விலை.

ரிப்போர்ட்டில் கீழே −1,250.00 என்று ஒரு வரி இருந்தது. புதன்கிழமை விற்ற பொருளை வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்திருந்தார். மெஷினில் ரீஃபண்ட் போட்டார்கள். அது சனிக்கிழமை பேட்ச்சில் வந்து கழிந்தது. சனிக்கிழமை ஸ்லிப் கட்டை எத்தனை முறை எண்ணினாலும் இது கிடைக்காது. வெள்ளிக்கிழமைக் கட்டில் இருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம். விற்றபோது பிடித்த கமிஷனை ரீஃபண்டின்போது திருப்பித் தருவார்களா? அது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ரிப்போர்ட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். 1,250 முழுதாகக் கழிந்திருந்தால் கமிஷன் திரும்பவில்லை. 1,223.45 கழிந்திருந்தால் 26.55, அதாவது 2.124%, திரும்பி வந்திருக்கிறது. நம் கணக்கில் முழுதாகவே கழித்திருந்தார்கள். ஒப்பந்தத்தில் திருப்பித் தருவதாக எழுதியிருந்தால் இந்த 26.55-ஐக் கேட்டு வாங்கலாம். சின்னத் தொகைதான். ஆனால் துணிக்கடை மாதிரி ரீஃபண்ட் நிறைய வரும் வியாபாரத்தில் வருஷக் கணக்கில் சேர்ந்துவிடும்.

கழித்தல் வரிக்குப் பக்கத்தில் ரீஃபண்ட் என்று இல்லாமல் சார்ஜ்பேக் என்று இருந்தால் கதை வேறு. வாடிக்கையாளர் தன் பேங்கில் "இதை நான் வாங்கவில்லை" என்றோ, "பொருள் வரவில்லை" என்றோ புகார் கொடுத்திருக்கிறார். உங்களைக் கேட்காமலேயே பணம் கழியும், கூடவே தனிக் கட்டணமும் வரலாம். பதில் சொல்லக் கெடு உண்டு. கணக்குச் சரிபார்ப்பை அப்படியே வைத்துவிட்டு, அந்த எண்ணுக்குரிய ஸ்லிப்பையும் பில்லையும் முதலில் தேடி எடுங்கள். நீங்கள் ஜெயித்தால் அதே தொகை வேறொரு நாளில் கூட்டல் குறியோடு திரும்பி வரும். "இன்றைக்கு ஏன் அதிகமாக வந்திருக்கிறது?" என்ற குழப்பத்துக்குப் பாதி நேரம் இதுதான் விடை.

1,285.42 − 1,250.00 = 35.42 பாக்கி.

## அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் சில்லறை உதைக்கிறது

35.42. இதை "போகட்டும்" என்று விடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் உருண்டை இல்லாத சின்னத் தொகைதான் விகிதம் தவறியதைக் காட்டிக்கொடுக்கும்.

ரிப்போர்ட்டில் ஒவ்வொரு வரிக்கும் கமிஷனை விற்பனையால் வகுத்துப் பார்த்தோம். பன்னிரண்டு வரியில் 0.9%, 1.8% என்று ஒழுங்காக வந்தது. 2,500-க்கான ஒரு வரியில் மட்டும் கமிஷன் 75.00, அதாவது 3%. வெளிநாட்டில் வழங்கப்பட்ட கார்டு. ஒப்பந்தத்தின் பின்பக்கம் வெளிநாட்டு கார்டுக்குத் தனி விகிதம் இருந்தது, யாரும் அதைப் படித்திருக்கவில்லை. நிறுவனங்களின் பெயரில் வரும் வணிக கார்டுகளுக்கும் பல ஒப்பந்தங்களில் தனி விகிதம் உண்டு.

கூடுதல் 1.2% என்றால் 30.00. அதன் மேல் வரி 5.40. மொத்தம் 35.40.

கடைசியாக நிற்பது 0.02. இதைத் தேட வேண்டாம். நாம் வரியை மொத்தக் கமிஷனுக்கு ஒரே தடவை கணக்குப் போட்டோம், அவர்கள் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனித்தனியாகப் போட்டு இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கினார்கள். ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் அதிகபட்சம் அரைக் காசு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தவறும். 13 பரிவர்த்தனைக்கு 6.5 காசைத் தாண்டாது. இரண்டு காசு அதற்குள் அடங்குகிறது. எல்லை இதுதான்: பரிவர்த்தனை எண்ணிக்கையைப் பாதிக் காசால் பெருக்குங்கள். அதற்கு உள்ளே நின்றால் முழுமையாக்கல், வெளியே போனால் வேறு ஏதோ இருக்கிறது.

## அறிகுறி: ரிப்போர்ட் சரி, பேங்க் வரவு மட்டும் பொருந்தவில்லை

நம் சனிக்கிழமைக் கணக்கில் இது இல்லை. ஆனால் அடிக்கடி வருவது.

ரிப்போர்ட்டில் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் பணம் அனுப்பிய குறிப்பு எண் இருக்கும். பேங்க் ஸ்டேட்மென்ட்டின் விவரத்திலும் அதே எண் வரும். தேதியை விட்டுவிட்டு அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு இரண்டு பேட்ச்சும் திங்களன்று ஒரே வரவாகச் சேர்ந்து வரலாம். கடையில் இரண்டு மெஷின் இருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே வரவாகவும் வரும், மெஷினுக்கு ஒன்றாகவும் வரும். ரிப்போர்ட்டில் மெஷினின் எண் 8 எழுத்து, கடையின் எண் 15 எழுத்து. எந்த எண்ணின் கீழ் கூட்டுகிறார்கள் என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும். சில கார்டு வகைகளுக்கான பணம் வேறு நிறுவனத்திடமிருந்து தனி வரவாக வருவதும் உண்டு. அந்த வகை ஸ்லிப்புகளை முதலிலேயே பிரித்து வைத்துவிடுங்கள்.

குறிப்பு எண் பொருந்தி, தொகை மட்டும் குறைந்தால் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். மெஷின் வாடகை, பழைய பாக்கி, பிடித்துவைத்த பாதுகாப்புத் தொகை எல்லாம் பரிவர்த்தனைப் பட்டியலில் வராது, சுருக்கப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். பாதுகாப்புத் தொகை என்றால் விற்பனையில் ஒரு உருண்டைச் சதவீதமாக இருக்கும், பிற்பாடு திரும்ப வரும். அதைச் செலவில் எழுதிவிடாதீர்கள்.

## அறிகுறி: ஷீட்டில் பொருந்துகிறது, கண்ணால் பார்த்தால் பொருந்தவில்லை

எக்செலில் ரிப்போர்ட்டைத் திறந்தவுடன் 12 இலக்க எண் 5.06E+11 என்று தெரிந்தால் உள்ளே எண் பத்திரமாகத்தான் இருக்கிறது, காட்டுவதில்தான் சிக்கல். ஆனால் 15 இலக்கத்தைத் தாண்டிய எண்களில் 15-க்குப் பிறகு வருவதெல்லாம் சுழியாகிவிடும், அதைத் திரும்ப எடுக்க முடியாது. பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணில் முன்னால் இருக்கும் பூஜ்யமும் போய்விடும். ஃபைலை நேரடியாக டபுள் க்ளிக் செய்யாமல், இறக்குமதி செய்யும்போதே அந்தப் பத்திகளை Text என்று குறித்துவிட வேண்டும்.

இதோடு முடியவில்லை. Text ஆக வைத்தாலும் SUMIFS, COUNTIF இரண்டும் எண் போலத் தெரிவதை எண்ணாகவே ஒப்பிடும். முதல் 15 இலக்கம் ஒன்றாக இருக்கும் இரண்டு வெவ்வேறு குறிப்பு எண்களை ஒன்று என்று சொல்லிவிடும். வெறும் இலக்கங்களால் ஆன நீளமான குறிப்பு எண்ணுக்கு அவற்றை விட்டுவிட்டு இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள்:

```
=SUMPRODUCT((Report!$B$2:$B$2000=A2)*Report!$H$2:$H$2000)
```

B பத்தியில் குறிப்பு எண், H பத்தியில் நிகரத் தொகை, A2-இல் பேங்க் ஸ்டேட்மென்ட்டிலிருந்து எடுத்த குறிப்பு எண். இது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். பேங்க் ஃபைலில் எண்ணுக்குப் பின்னால் ஒரு காலி இடம் ஒட்டிக்கொண்டிருந்தால் இதுவும் பூஜ்யம்தான் காட்டும், அப்போது A2 இருக்குமிடத்தில் TRIM(A2) போடுங்கள்.

## அறிகுறி: இரண்டு வரி பிடித்திருக்கிறார்கள்

பிடிக்கப்பட்ட வரியைக் கமிஷனால் வகுத்தால் உருண்டைச் சதவீதம் வருகிறதா? அது கமிஷன் மேல் வரி, நீங்கள் வாங்கிய சேவைக்கான வரி. விற்பனையால் வகுத்தால் உருண்டைச் சதவீதம் வருகிறதா? அது உங்கள் வருமானத்திலிருந்து முன்கூட்டியே பிடித்த வரி. சில நாடுகளில் இது உண்டு. முதலாவது செலவின் பக்கம் போகும், சட்டம் இடம்கொடுத்தால் ஈடுகட்டலாம். அதற்கு தினசரி ரிப்போர்ட் போதாது, வரி பில் தனியாக வாங்க வேண்டும். இரண்டாவது செலவே இல்லை, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள வேண்டியது. இரண்டையும் "பேங்க் சார்ஜ்" என்று ஒரே தலைப்பில் போட்டு வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும், தங்கள் பணத்தைத் தாங்களே தூக்கிப் போடுகிறார்கள்.

## கணக்கில் எழுதுவது

சனிக்கிழமை விற்பனையை 48,350 என்றே எழுத வேண்டும், பேங்கில் வந்த தொகையை விற்பனையாக எழுதக் கூடாது. எதிர்ப்பக்கம் "கார்டு வரவேண்டியது" என்று ஒரு கணக்கு. வெள்ளிக்கிழமை ரீஃபண்ட் போட்டபோதே அந்தக் கணக்கில் 1,250 குறைந்திருக்கும். திங்களன்று பணம் வந்ததும் அதே கணக்கிலிருந்து 43,132.86 பேங்குக்கும், 650.10 கமிஷனுக்கும், 117.04 வரிக்கும் போகும்.

48,350 − 1,250 − 43,132.86 − 650.10 − 117.04 போட்டுப் பாருங்கள். சரியாக 3,200.00 நிற்கும். அதுதான் அடுத்த பேட்ச்சுக்குப் போன அந்தக் கடைசி ஸ்லிப்.